வேலைக்கு முன்னாடி பணம் கேட்டால் எழுந்து வந்துடுங்க!

(தகவல் தொழில்நுட்ப அணியின் இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வேலை தேடும் ஒருவருக்காவது பகிருங்கள்.)



இன்ஜினியரிங் முடிச்சதும் ஃபைலைத் தூக்கிட்டு கிண்டி, வடபழனி, ஓஎம்ஆர்னு வாக்-இன் இன்டர்வியூவுக்கு அலைஞ்சவன் நான். இன்னைக்கு என் ரூம்மேட்டுக்கு நடந்ததை மட்டும் சொல்றேன்.

அவனுக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். பெரிய ஐடி கம்பெனி பேரு, மாசம் 25,000 சம்பளம், நேரடித் தேர்வு. போன இடம் அந்தக் கம்பெனி ஆபீஸ் இல்ல. கிண்டி பக்கம் ஒரு மாடியில இருந்த கன்சல்டன்சி. பதிவுக் கட்டணம்னு 500 ரூபாய் வாங்கினாங்க. பத்து நிமிஷம் ஏதோ கேட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே 'செலக்டட்'. அப்புறம் சான்றிதழ் சரிபார்க்க 1,500. லோகோ, சீல், கையெழுத்தோட ஆஃபர் லெட்டர் வந்ததும், லேப்டாப் டெபாசிட் 6,500, 'சேர்ந்ததும் திரும்பக் கிடைக்கும்'. மொத்தம் 8,500 போச்சு. சேரச் சொன்ன தேதியில போய் நின்னா, அந்தக் கம்பெனி செக்யூரிட்டி "இப்படி ஒரு லெட்டரே நாங்க கொடுக்கலையே தம்பி"னு சொல்லிட்டாரு.

அவன் ஏமாளி இல்ல. 500 கட்டிட்டோமே, அதை விடக்கூடாதுன்னு 1,500 கட்டினான். 2,000 போயிடுமேன்னு 6,500 கட்டினான். முதல்ல சின்னத் தொகையா கேட்கிறதே இதுக்காகத்தான்.

இப்போ நிஜமான கன்சல்டன்சிக்கு வருமானம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஆள் கேட்கிற கம்பெனிதான் அவங்களுக்குப் பணம் தரும். பரவலா இருக்கிற ஒரு கணக்கு, வருடச் சம்பளத்துல 8.33 சதவீதம். அதாவது ஒரு மாசச் சம்பளம். 25,000 ரூபாய் வேலைக்கு ஒரு ஆளைச் சேர்த்துவிட்டா கம்பெனிகிட்ட இருந்து 25,000 கிடைக்கும். அப்படி இருக்கிறவங்க உங்க 500 ரூபாய்க்கு ஏன் கை நீட்டணும்? கடை, பட்டறை வேலைக்கு ஆள் சேர்க்கிற சின்ன ஏஜென்சிகள் சிலது முதல் சம்பளத்துல இருந்து கமிஷன் கேட்கும். அது வேலை கிடைச்ச பிறகு. வேலைக்கு முன்னாடியே கேட்டா, அங்க வியாபாரமே நீங்கதான்.

என் நண்பன் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே மூணு இடத்துல இதைக் கண்டுபிடிச்சிருக்கலாம்.

ஒண்ணு, மெயில் முகவரி. @ குறிக்கு அப்புறம் இருக்கிறதை எழுத்து எழுத்தா படிங்க. கம்பெனியோட இணையதளம் `niruvanam.com`னு வச்சுக்கோங்க. மெயில் `hr@niruvanam-careers.in`ல இருந்து வந்தா சந்தேகப்படுங்க. அந்த மாதிரி பேரை யார் வேணும்னாலும் பணம் கட்டி வாங்கிக்கலாம்.

ரெண்டு, யுபிஐ. ஸ்கேன் பண்ணினதும், பின் போடுறதுக்கு முன்னாடி, பணம் வாங்குறவர் பேரு திரையில தெரியும். கம்பெனி டெபாசிட்னு சொல்லிட்டு அங்க தனி ஆள் பேரு வந்தா அந்த இடத்துலயே நிறுத்துங்க.

மூணு, போன். லெட்டர்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டா அவங்க ஆளேதான் எடுப்பான். கம்பெனியோட சொந்த இணையதளத்துல இருக்கிற நம்பரை எடுத்து, லெட்டர்ல இருக்கிற பேரையும் தேதியையும் சொல்லிக் கேளுங்க. அந்த வாக்-இன் அவங்க தளத்துல வேலைவாய்ப்புப் பக்கத்துல இருக்கான்னும் பாருங்க. லெட்டர்ல கம்பெனிப் பதிவு எண் சரியா இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க. அந்த எண் எல்லாருக்கும் தெரியுற மாதிரிதான் இருக்கு, அப்படியே காப்பி அடிச்சுக்கலாம். கம்பெனி உண்மையா இருக்கலாம், லெட்டர் பொய்யா இருக்கலாம்.

இன்னொண்ணு, ஒரிஜினல் சான்றிதழை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. காட்டுங்க, நகல் கொடுங்க, ஒரிஜினலைக் கையோட எடுத்துட்டு வாங்க.

ஏற்கெனவே பணம் அனுப்பிட்டீங்களா? வெட்கப்பட்டு நாளைக்குன்னு தள்ளாதீங்க. உடனே 1930க்குக் கூப்பிடுங்க. பணம் இன்னும் அந்தக் கணக்குல இருந்தா முடக்கி வைக்க முடியும். எடுத்துட்டாங்கன்னா ரொம்பக் கஷ்டம். பரிவர்த்தனை எண், ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காம வச்சு `cybercrime.gov.in`ல புகார் பதியுங்க. ரொக்கமா கொடுத்திருந்தா ரசீதோட பக்கத்து காவல் நிலையத்துக்குப் போங்க.

என் நண்பன் மூணு வாரம் கழிச்சுதான் எங்ககிட்டயே சொன்னான். அதுக்குள்ள அந்த மாடியில வேற போர்டு தொங்கிட்டு இருந்துச்சு.