பில்லில் ரூம் வாடகையை முதலில் பாருங்க

முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைக்கு இவ்வளவுன்னு பேக்கேஜ் தொகை உண்டு. நான் பேச வந்தது நாம பிரீமியம் கட்டி எடுக்கிற பாலிசியைப் பற்றி.

கம்பத்துல இருந்து தேனிக்குப் போய் ஒருத்தங்க கர்ப்பப்பை ஆபரேஷன் செஞ்சுக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். பாலிசி 2 லட்சம். ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்தான்னு அதுல எழுதியிருக்கு. அவங்க 4,000 ரூபாய் ஏசி ரூம்ல மூணு நாள் இருந்தாங்க. மொத்த பில் 66,000.

வாடகை 12,000ல பாதி வெட்டு. அதோட போச்சா? இல்லை. அனுமதிச்சதைப் போல ரெண்டு மடங்கு ரூம் எடுத்ததால, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் 40,000லயும் பாதிதான் கிடைக்கும். மருந்து, ரத்தப் பரிசோதனை 14,000ல மட்டும் இந்த விகித வெட்டு கூடாது. (ஐசியூ கட்டணத்திலும் கூடாது.) ஆக கிடைக்கிறது 40,000. கையிலிருந்து 26,000. கிளவுஸ், டயப்பர் மாதிரி சாமான்களைக் கழிச்சா இன்னும் கொஞ்சம் கூடும்.

அதனால மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை வாங்காதீங்க. இனம் வாரியா விவர பில் கேளுங்க. மருந்தைத் தனியாகக் காட்டாவிட்டால் அதுலயும் கை வைப்பாங்க.

இன்னொண்ணு. சில ஆஸ்பத்திரியில எந்த ரூம்ல இருந்தாலும் ஆபரேஷன் ஃபீஸ் ஒண்ணுதான். அங்க இந்த விகித வெட்டு செல்லாது. ஐஆர்டிஏஐ 2020லயே சொல்லியிருக்கு. அப்படின்னா, ரூமுக்கு ஏத்த மாதிரி கட்டணம் மாறாதுன்னு ஆஸ்பத்திரி லெட்டர்பேடுல எழுதி வாங்கி, கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்க.