கணக்கெடுப்பில் நம்மை எந்தப் பெட்டியில் போட்டார்கள்?

(திருகோணமலையில் துறைமுகப் பகுதித் தொழிலாளரிடையே நமது சங்கத்தின் அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் சிலருடைய தாய் தகப்பன் கலவரக் காலங்களில் மலைநாட்டை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். சிலர் மூதூர், கிண்ணியாக்காரர்கள். இன்றைக்கு எல்லோரும் ஒரே லொறியில் சுமை ஏற்றி இறக்குகிறீர்கள். சமூகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். அதைப் பேசுவதற்கு முன்னால், நம்மை எப்படி எண்ணினார்கள் என்று கேட்க விரும்புகிறேன். நாட்டில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கும் மேல் முறைசாரா வேலையில் இருப்பதாக அரசாங்கக் கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் தொழிற்படை அளவீடு என்ற ஒன்றை நடத்தி வருகிறது. தெரிவு செய்த வீடுகளுக்கு உத்தியோகத்தர் வந்து, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் போன வாரம் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்பார். ஆரம்பத்தில் வடக்கும் கிழக்கும் இதில் இல்லை. போர் முடிந்த பிறகு, 2011இலிருந்துதான் எல்லா மாவட்டங்களும் முழுமையாகச் சேர்ந்தன. ஆகவே கிழக்கின் பழைய நிலைமை என்று யாராவது ஒரு நீண்ட கணக்கைக் காட்டினால், அது எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள்.

இனி ஓர் உதாரணம் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நாட்டாமை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஆலையின் களஞ்சியத்தில் மூட்டை இறக்குகிறார். ஆலை அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. கொந்தராத்துக்காரர் மாலையில் கைக்காசாகக் கொடுக்கிறார். சம்பளச் சீட்டும் இல்லை, சேமலாப நிதி இலக்கமும் இல்லை. உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவர் வேலையில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் மனைவிதான் பதில் சொல்கிறார்: “அவர் மூட்டை தூக்குறார், கிடைக்கிற இடத்துக்குப் போவார்.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவரை இரண்டு பெட்டிகளில் எதிலும் போடலாம். ஒன்று, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். மற்றது, சொந்தமாகத் தொழில் செய்கிறவர். முதல் பெட்டியில் விழுந்தால், வேலை தருகிறவர் சேமலாப நிதியோ ஓய்வூதியமோ கட்டுகிறாரா, சம்பளத்துடன் லீவு உண்டா என்ற கேள்விகள் வரும். “இல்லை” என்று பதில் வந்தால், சம்பளத்துக்கு உழைத்தும் பாதுகாப்பில்லாதவர் என்று பதிவாவார். இரண்டாவது பெட்டியில் விழுந்தால் அந்தக் கேள்விகளே வராது. தன் தொழிலைத் தானே செய்கிற ஒருவருக்கு யார் சேமலாப நிதி கட்டுவது? இரண்டிலும் அவர் முறைசாராத் தொழிலாளிதான், மொத்தத் தொகையும் மாறாது. ஆனால் இரண்டாவதில், கட்ட வேண்டிய முதலாளி கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார்.

இதில் எவ்வளவு பணம் போகிறது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். நாட்கூலி, துண்டுக்கூலி என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது. நமது நாட்டாமைக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்று வைப்போம். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். முதலாளி கட்ட வேண்டிய 15 சதவீதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000 ரூபாய். பத்து வருடம் மூட்டை தூக்கினால், வட்டியைச் சேர்க்காமலே 7,20,000 ரூபாய். “சொந்தத் தொழில்” என்ற பெயருக்குள் இவ்வளவும் புதைந்து போகிறது.

அடுத்த கேள்வி, முறைசாராத் துறையா, முறைசாரா வேலையா என்பது. இரண்டும் ஒன்றல்ல. துறை என்றால் வேலைத்தலத்தைப் பற்றியது: அது பதிவு செய்யப்பட்டதா, முறையான கணக்கு வைக்கிறதா, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்க்கிறார்கள். வேலை என்றால் அந்த ஆளைப் பற்றியது. வேலை செய்யும் இடம் என்று ஆலையின் பெயரைச் சொன்னால், நமது நாட்டாமை முறைசார்ந்த துறையில் இருப்பார். அவருடைய வேலையோ முறைசாரா வேலை. துறைக் கணக்கை மட்டும் எடுத்துப் பேசினால், பெரிய ஆலையின் வாசலுக்குள் நிற்கும் பாதுகாப்பில்லாத ஆட்கள் எல்லோரும் நல்ல வேலையில் இருப்பவர்களாகத் தெரிவார்கள். எந்தக் கூட்டத்திலும் எந்த அதிகாரி சதவீதம் சொன்னாலும், அது துறைக்கா வேலைக்கா என்று கேளுங்கள்.

மூன்றாவது, எந்த வாரம் என்பது. அந்த ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே வேலையில் உள்ளவர் என்று எடுப்பார்கள். மாரிக்காலத்தில் நமது கடல் கொந்தளிக்கும்போது படகு இறங்காது. கரையில் ஒரு நாள் வலை பின்னியவரும், ஆறு நாளும் கடலுக்குப் போனவரும் வேலையில் உள்ளவர் என்ற ஒரே வரியில்தான் வருவார்கள். வித்தியாசம் எத்தனை மணித்தியாலம் வேலை என்ற அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையையும் கேட்டு வாங்க வேண்டும். கருவாடு காய வைக்கும் சகோதரிகளுக்கும் இது முக்கியம். “நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்று சொல்லாதீர்கள். விற்பதற்காக மீன் வெட்டிக் காய வைத்தால், கையில் சம்பளம் வராவிட்டாலும் அது குடும்பத் தொழிலில் செய்த வேலைதான்.

மலையகத்துக்கும் இதே கதை வந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்குச் சேமலாப நிதி இருந்தது. இப்போது சில இடங்களில் தேயிலை மலையைப் பங்கு பிரித்துக் கொடுத்து, கொழுந்தின் நிறைக்குப் பணம் தருகிறார்கள். அதே மலை, அதே கொழுந்து, அதே தொழிற்சாலை. அளவீட்டுக்குப் பதில் சொல்லும்போது “சொந்தமாகப் பார்க்கிறோம்” என்று சொன்னால், துறைமுக நாட்டாமை விழுந்த அதே பெட்டியில் அவர்களும் விழுவார்கள்.

ஆகவே உத்தியோகத்தர் வரும் நாளுக்காக வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான்கு விஷயங்களைச் சொல்லி வையுங்கள். யார் காசு கொடுக்கிறார்? யார் நேரம் குறிக்கிறார்? யார் நாளைக்கு வராதே என்று சொல்லலாம்? சேமலாப நிதி கட்டுகிறார்களா? முதல் மூன்றுக்கும் ஒருவருடைய பெயர் பதிலாக வந்தால் நீங்கள் சொந்தத் தொழிலாளி அல்ல. பயப்படவும் வேண்டாம். தனியாள் சொன்ன விபரம் சட்டப்படி இரகசியம், கொந்தராத்துக்காரருக்குப் போகாது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அளவீட்டில் சரியாகப் பதிந்தால் மட்டும் யாருடைய பணமும் வந்துவிடாது. அதற்குத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அங்கே சாட்சி கேட்பார்கள். வேலை செய்த நாள், இறக்கிய லொறியின் இலக்கம், மூட்டைக் கணக்கு, வாங்கிய காசு, கூட வேலை செய்தவர் பெயர் ஆகியவற்றை இன்று இரவிலிருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கட்டாமல் விட்ட பணத்துக்குத் தாமதத்தைப் பொறுத்து 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் முதலாளியிடமிருந்து அறவிடச் சட்டத்தில் இடம் உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். முறைப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து எழுதுவோம்.