வீட்டுக் காசைப் பங்குச் சந்தையில் போடலாமா?
(நெடுங்கேணியில் நடந்த உறுப்பினர், குடும்பத்தார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே இருக்கிற குடும்பங்களில் பல மலையகத் தோட்டங்களில் இருந்து வந்தவை. 58ஆம், 77ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அக்கா, அண்ணன், மாமா இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறும்போது ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் அதை எடுக்கலாம். அந்தக் காசில் இங்கே ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டுவது பலருடைய எண்ணம்.

கூட்டத்துக்கு முன் ஒரு தம்பி கேட்டார்: "வங்கியில் வட்டி குறைவு. கொழும்புப் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு வருஷத்துக்குப் பங்கில் போட்டு எடுத்தால் என்ன?" நல்ல கேள்வி. பங்கு நமக்குப் புதிய சொல்லும் இல்லை. தொண்ணூறுகளில் தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்தபோது, பங்குகளில் 10 வீதத்தைத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அது சும்மா கிடைத்தது. இப்போது நாம் பேசுவது ஒரு ஆயுள் கால உழைப்பைப் பற்றி.

ஓர் உதாரணம் எடுப்போம். ஓர் அக்காவின் கையில் 9 இலட்சம் ரூபாய் இருக்கிறது. இந்த வருஷம் அத்திவாரம் போட வேண்டும். அடுத்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன் சுவர் எழுப்பிக் கூரை போட வேண்டும். அதற்கு அடுத்த வருஷம் நிலம், கதவு, மலசலகூடம். இந்தக் காசுக்கு ஒரு திகதி இருக்கிறது. மழை நமக்காகக் காத்திருக்காது.

அக்கா 2011 பெப்ரவரியில் இந்த 9 இலட்சத்தைப் பங்குகளில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போர் முடிந்து சந்தை வேகமாக ஏறிய காலம் அது. எல்லாப் பங்குகளின் விலையையும் சேர்த்துக் காட்டும் சுட்டெண் 7,800 வரை போனது. 2013 முடிவில் அது சுமார் 5,900. கிட்டத்தட்ட மூன்று வருஷம் காத்திருந்த பிறகு, இடையில் கிடைத்த பங்கிலாபத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 9 இலட்சம் 6 இலட்சத்து 80 ஆயிரமாக நின்றிருக்கும். அந்தச் சுட்டெண் மறுபடி 7,800ஐத் தாண்டியது 2021 ஜனவரியில். பத்து வருஷம். அதுவரை கூரை இல்லாமல் இருக்க முடியுமா?

2022 ஜனவரியைப் பாருங்கள். சுட்டெண் 13,400ஐ எட்டியது. அதே வருஷம் ஏப்ரல் முடிவில் சுமார் 7,600. நான்கு மாதத்துக்குள் 9 இலட்சம் 5 இலட்சத்துச் சொச்சம் ஆகிவிட்டது. ஆனால் 2024 முடிவில் சுட்டெண் 15,900க்கு மேல் இருந்தது. விற்காமல் பொறுத்தவருக்கு 10 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும். தம்பி சொல்வது பொய் இல்லை. ஆனால் ஒரு மூன்று வருஷம் இறக்கியது, இன்னொரு மூன்று வருஷம் ஏற்றியது. நம் மூன்று வருஷம் இதில் எது என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

காரணம் எளியது. வங்கி வைப்பில் இத்தனையாம் திகதி இவ்வளவு தருவேன் என்று வங்கி எழுதித் தருகிறது. பங்கில் அப்படி ஒரு வாக்கு இல்லை. அன்றைக்கு இன்னொருவர் என்ன விலைக்கு வாங்குவாரோ அதுதான் உங்கள் காசு. பத்து, பதினைந்து வருஷம் தொடாமல் விடக்கூடியவர் இறக்கத்தைப் பொறுத்திருக்கலாம். கூரைக்குக் காசு தேவைப்படுகிறவர் இறங்கிய நாளிலும் விற்றே ஆக வேண்டும். அப்போது இறக்கம் உண்மையான நட்டமாகிறது.

சில நேரம் விற்கவும் முடியாது. கொரோனா நேரம் 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடியிருந்தது. 2022 ஏப்ரலில் ஒரு வாரம் மூடினார்கள். இரண்டும் நாட்டில் வேலையும் வருமானமும் முடங்கிய காலம். நமக்குக் காசு அதிகம் தேவைப்பட்ட நேரத்திலேதான் சந்தையும் விழுந்தது, பூட்டியும் கிடந்தது.

சரி, எங்கே வைப்பது? தேவைப்படும் திகதியைப் பார்த்துப் பிரித்து வையுங்கள். அக்காவின் 9 இலட்சத்தில் அத்திவாரத்துக்கும் அவசரத்துக்குமாக 2 இலட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கூரைக்கான 4 இலட்சத்தை ஒரு வருஷ நிலையான வைப்பில் போடலாம். வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் முதிரும்படி திகதி வையுங்கள். கடைசி வேலைக்கான 3 இலட்சம் இரண்டு வருஷ வைப்பில் போகட்டும். முழுவதையும் ஒரே வைப்பில் போட்டால், பாதிக்காகவும் அதை உடைக்க வேண்டி வரும். உடைத்தால் சொன்ன வட்டி கிடைக்காது. கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இடையில் உடைத்தால் எவ்வளவு வட்டி தருவீர்கள்? முதிர்ந்த அன்று நான் வராவிட்டால் தானாகவே மறுபடி ஒரு வருஷத்துக்குப் போட்டுவிடுவீர்களா? இரண்டாவதைக் கேட்காமல் விட்டால், கூரை போடும் மாதத்தில் காசு பூட்டிக் கிடக்கும்.

எந்த இடம் என்பதும் முக்கியம். தேசிய சேமிப்பு வங்கியில் உள்ள வைப்புக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் தருகிறது. மற்ற வங்கிகளிலும், மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2020இல் தி பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது அந்த எல்லை 6 இலட்சமாக இருந்தது. 9 இலட்சம் வைத்திருந்தவருக்கு மீதி 3 இலட்சத்துக்குக் காப்புறுதி இல்லை. அதனால் கூடிய வட்டி சொல்கிற இடத்தில் முதலில் உரிமத்தையும் எல்லையையும் பாருங்கள். ஊர்ச் சீட்டுக்கும், கைமாற்றாக வட்டிக்குக் கொடுப்பதற்கும் இந்தக் காப்புறுதி எதுவும் கிடையாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. வைப்பும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் காசு குறையவில்லை. ஆனால் அதே காசுக்கு வாங்கக்கூடிய சீமெந்து குறைந்தது. அந்த வருஷம் பங்கில் போட்டவருக்கோ விலைவாசியும் ஏறியது, காசும் குறைந்தது. இதற்கு நம் கையில் உள்ள ஒரு வழி, கெட்டுப்போகாத பொருளை முன்கூட்டியே வாங்குவது. கூரைத் தகரம், கதவு நிலை, கல் ஆகியவற்றைப் பாதுகாப்பான இடம் இருந்தால் வாங்கி வைக்கலாம். சீமெந்தை மட்டும் வாங்கி அடுக்காதீர்கள். சில மாதத்திலேயே ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும்.

தம்பிக்கு என் பதில் இதுதான். பங்கு வாங்க ஆசை இருந்தால், மாதச் சம்பளத்தில் மிஞ்சுகிற, பத்து வருஷத்துக்குத் தேவைப்படாத சிறு தொகையில் வாங்கிப் பாருங்கள். அக்காவின் 9 இலட்சம் அந்தக் காசு இல்லை. அதன் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு மாதம் குறித்தாகிவிட்டது. அந்த மாதத்தில் அது முழுசாக அவர் கையில் இருக்க வேண்டும்.