பெயரைப் போடவில்லையே, மேடம்!



தலைமை உரை என்றால் கருத்தரங்கின் எல்லாத் தலைப்புகளையும் தொட்டுப் போக வேண்டும் என்பார்கள். நான் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கைப்பேசியால் சிக்கலில் மாட்டி என் அறைக்கு வந்து நின்ற மாணவர்கள் அநேகமாக எல்லோருமே முதலில் சொன்ன வாக்கியம் அது: "மேடம், நான் பேஷண்ட் பேரைப் போடவே இல்லையே!"

அவர்கள் பொய் சொல்லவில்லை. பெயரைப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவரை அடையாளம் காட்டப் பெயர் தேவையே இல்லை என்பது நம் பாடத்தில் சரியாக வருவதில்லை.

அமெரிக்காவின் மாநிலச் செவிலியர் வாரியங்களுக்கான தேசிய மன்றம் 2011-இல் சமூக ஊடகம் பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு மாணவியின் கதை வருகிறது. இருபது வயது. குழந்தைகள் பிரிவில் ரத்தப் புற்றுநோயோடு போராடும் மூன்று வயதுப் பையனைப் பார்த்துக்கொண்டாள். அவன் நினைவாக ஒரு படம் வேண்டும் என்று ஆசை. அவன் அம்மா உணவகத்துக்குப் போன நேரத்தில், குழந்தையிடமே கேட்டுக்கொண்டு கைப்பேசியில் எடுத்துவிட்டாள். அன்று இரவு, ரத்தப் புற்றுநோயுள்ள என் மூன்று வயது நோயாளி துணிச்சலோடு கீமோ எடுத்துக்கொள்கிறான், செவிலியர் அதைக் கொடுப்பதைப் பார்த்தபோது செவிலியராக இருப்பதில் பெருமையாக இருந்தது என்ற பொருளில் எழுதி, முகநூலில் போட்டாள். பையனின் பெயர் இல்லை. ஆனால் பின்னால் அறை எண் 324 தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாளில் கல்லூரித் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் படத்தைப் பார்த்துத் தகவல் கொடுத்திருந்தார்.

மாணவி கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டாள். அதைவிட அதிகம் பேசப்படாத விளைவு ஒன்று உண்டு. அந்தக் கல்லூரி மாணவர்கள் யாரும் இனி குழந்தைகள் பிரிவுக்கு வரக் கூடாது என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. குழந்தைகள் போஸ்டிங்குக்கு இடம் பிடிப்பது எவ்வளவு பாடு என்று இங்கே இருக்கும் முதல்வர்களுக்குத் தெரியும்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் உடனே அறை எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். "அதை மறைத்திருந்தால் போதுமே!" போதாது. முகமே அடையாளம். முகத்தை மறைத்தாலும், மாணவியின் முகநூல் பக்கத்தில் கல்லூரி பெயர் இருக்கிறது. கல்லூரி எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். படம் போட்ட தேதி இருக்கிறது. வயதும் நோயும் எழுதியிருக்கிறாள். அந்தத் தேதியில், அந்த வார்டில், அந்த நோயோடு எத்தனை மூன்று வயதுப் பையன்கள் இருந்திருப்பார்கள்? அவன் அத்தைக்குக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அந்நியர் கண்டுபிடிப்பாரா என்பது தவறான கேள்வி. தெரிந்தவர் கண்டுபிடிப்பாரா என்றுதான் கேட்க வேண்டும். நோயாளி பயப்படுவதும் தெரிந்தவர்களுக்குத்தான்.

நம் ஊரில் இது முகநூலில் நடப்பதைவிட வாட்ஸ்அப் குரூப்பில்தான் அதிகம் நடக்கிறது. கேஸ் ஸ்டடி எழுத நேரமில்லை, கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். இதை ரீல்ஸ் போடுவதோடு சேர்த்து யாரும் நினைப்பதே இல்லை, படிப்புக்காகத்தானே என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். மகப்பேறு போஸ்டிங்கில் ஒரு மாணவி கர்ப்பிணி ஒருவரின் கேஸ் ஷீட்டில் நான்கு பக்கங்களைப் படம் பிடித்து, இருபத்திரண்டு பேர் இருந்த குரூப்பில் அனுப்பினாள். முதல் பக்கத்தைக் கவனமாகத் தவிர்த்துவிட்டாள், அதில்தானே பெயர். ஆனால் பரிசோதனைத் தாளின் மேல் ஓரத்தில் பெயரும் ஐ.பி. எண்ணும் இருந்தன. அதே தாளில் எச்.ஐ.வி. முடிவும் இருந்தது. குரூப்பில் ஒருத்தி அந்தக் கர்ப்பிணிக்குப் பக்கத்துத் தெரு. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் சொன்னாள். நான் நம்பினேன். ஆனால் அவள் வீட்டுக் கைப்பேசியின் கேலரியில் அந்தப் படம் தானாகவே சேமிக்கப்பட்டிருந்தது, அந்தக் கைப்பேசியை அவள் அம்மாவும் எடுப்பார். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. படிப்புக்காக என்பதற்கு அதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

படம் எடுத்தவள் பயந்துபோய், யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிடலாம் என்று 'அனைவருக்கும் நீக்கு' பொத்தானை அழுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டாள். படம் எடுத்ததைவிட எனக்கு அதிக வருத்தம் தந்தது இதுதான். குரூப்பிலிருந்து செய்தி மறைந்துவிட்டாலும், யாருடைய கேலரியிலாவது கிளவுட் பேக்கப்பிலாவது படம் தங்கியிருக்கலாம். யார் பார்த்தார்கள், யார் மேலே அனுப்பினார்கள் என்று தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுப்போகிறது. முதலில் வார்டு சிஸ்டரிடமும் ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். பிறகு குரூப்பில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு, அவரவர் கேலரியிலும் பேக்கப்பிலும் நீக்க வைக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

இனி ஆசிரியர்களைப் பற்றி. கான்சஸ் மாநிலத்தில் ஜான்சன் கவுண்டி சமுதாயக் கல்லூரி மாணவிகள் நால்வர் 2010-இல் மகப்பேறு பயிற்சியின்போது ஒரு நஞ்சுக்கொடியோடு படம் எடுத்துக்கொண்டு முகநூலில் போட்டார்கள். கல்லூரி நீக்கியது. ஒருத்தி வழக்குப் போட, 2011 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நஞ்சுக்கொடி யாருடையது என்று படத்தில் எதுவும் காட்டவில்லை. படம் எடுக்க ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருந்தார்கள், ஆசிரியர் தடுக்கவில்லை. படம் எடுப்பதே பார்க்கத்தானே என்ற நியாயத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்தப் படம் நல்ல ரசனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. தெளிவாக 'வேண்டாம்' சொல்லாத ஆசிரியர், பிறகு தண்டிக்க மட்டும் வந்து நிற்பது முறையல்ல.

அடுத்து, நோயாளியோடு நாம் வைத்துக்கொள்ளும் எல்லை. எல்லை என்றால் நோயாளியிடமிருந்து விலகி நிற்பது அல்ல. நான் முதலில் சொன்ன அமெரிக்கச் செவிலியர் மன்றம் இந்த உறவை ஒரு கோடாகக் காட்டும்: ஒரு முனையில் அக்கறையின்மை, மறு முனையில் அளவுக்கு மீறிய நெருக்கம், நடுவில் உதவும் இடம். டிஸ்சார்ஜ் ஆன பாட்டியின் பேத்தி இன்ஸ்டாகிராமில் ஃபாலோ செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் ஒரு வாரத்தில் "அக்கா, பாட்டிக்குக் கால் வீங்கியிருக்கு, என்ன மாத்திரை?" என்று செய்தி வரும். மாணவிக்கு மருந்து சொல்லும் தகுதி இல்லை, பதில் சொல்லாமல் இருக்கவும் மனம் வராது. முதலிலேயே "ரிவியூக்கு ஓ.பி.க்கு வரச் சொல்லும்மா, அங்கே கேளுங்க" என்று சொல்லிவிடுவதுதான் உதவி.

மதியம் இரண்டாம் அமர்வில் நீங்கள் விதிமுறை வரைவு ஒன்றை விவாதிக்கப் போகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'கண்ணியமாக நடந்துகொள்க' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். கேஸ் ஷீட்டை யாரும் படம் எடுக்கக் கூடாது, ஆசிரியரும் எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். கேஸ் ஸ்டடிக்கு வேண்டிய அளவீடுகளை வார்டிலேயே கையால் எழுதிக்கொள்ள மாணவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். அந்த அரை மணி நேரத்தை டைம்டேபிளில் போடாமல் விதியை மட்டும் போட்டால், அடுத்த வருடமும் நான் இதே கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கும்.