தண்ணீர்த்தாங்கித் துப்புரவும் மின்தடையும்: தொடர்மாடிக் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை



வருகின்ற வியாழக்கிழமை எமது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இரண்டு வேலைகள் ஒரே நாளில் நடைபெற உள்ளன. நிலவறையில் உள்ள தண்ணீர்த்தாங்கி துப்புரவு செய்யப்படும். மாடிகளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் நெடுங்குத்து மின்வடத்திலும் பழுதுபார்ப்பு நடைபெறும். அறிவித்தல் பிரெஞ்சு மொழியில் வாசற்கதவில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் நேரங்கள் உள்ளன, காரணங்கள் இல்லை. தொழிலால் நான் குழாய் பொருத்துபவன் என்பதால், காரணங்களை எமது மொழியில் எடுத்துரைக்குமாறு குடியிருப்பாளர் குழு என்னைக் கேட்டுக்கொண்டது.

முதலில் நேரங்களைச் சொல்லிவிடுகிறேன். காலை 8.15க்கு மின்தூக்கி நிறுத்தப்படும். 8.30க்கு வீடுகளிலும் படிக்கட்டுகளிலும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, 12.30க்கு மீண்டும் வழங்கப்படும். ஏழாம் மாடியும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு 8.30 முதல் பிற்பகல் 4 மணி வரை தண்ணீர் வராது. அதற்குக் கீழுள்ளவர்களுக்குத் தண்ணீர் தொடர்ந்து வரும்.

"கீழே வருகிறது, எங்களுக்கு ஏன் வரவில்லை?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் படிக்கட்டில் எழுகின்றது. தெருக்குழாயில் வரும் நீருக்கு ஏறத்தாழ மூன்று பார் அழுத்தம் உள்ளது. ஒரு பார் அழுத்தம் நீரைப் பத்து மீற்றர் உயர்த்தும். குழாயிலிருந்து நீர் ஒழுங்காகப் பாய்வதற்கு ஒரு பார் மிஞ்ச வேண்டும். ஆகவே இருபது மீற்றர் வரை, அதாவது ஆறாம் மாடியளவில், தெருவின் வலுவே போதும். அதற்கு மேல் நிலவறைத் தாங்கியில் நீரைச் சேர்த்து, மின்பம்பியினால் மேலே தள்ளுகிறோம். மின்சாரம் இல்லாவிட்டால் அந்தப் பம்பியும் ஓடாது. மின்வட வேலை நடக்கும் நாளில் மேல்மாடிகளுக்கு எப்படியும் தண்ணீர் கிடையாது. இதனாலேயே இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் வைத்துள்ளோம். இரண்டு வியாழக்கிழமைகளை இழப்பதிலும் ஒன்றை இழப்பது நல்லது அல்லவா?

இத்துப்புரவு எவருடைய விருப்பத்தையும் பொறுத்ததன்று. கட்டடங்களின் குடிநீர்த் தாங்கிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெறுமையாக்கி, கழுவி, அலசி, கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்று பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரச் சட்டத் தொகுப்பு விதிக்கின்றது. மின்வடத்தைப் பொறுத்தவரை, 2018 நவம்பரில் வெளிவந்த எலான் சட்டத்தின்படி, 2020 நவம்பர் முதல் இத்தகைய குத்துவடங்கள் பொது விநியோக வலையமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே அதைப் பழுதுபார்ப்பது எனெடிஸ் நிறுவனத்தின் பொறுப்பு.

தாங்கிக்குள் என்ன நடக்கின்றது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாங்கி எட்டாயிரம் லீற்றர் கொண்டது. காலை 6 மணிக்கே உள்வரும் குழாயின் வால்வு மூடப்படும். மேல்மாடியினர் முகம் கழுவிச் சமைக்கும் நேரத்தில் இருப்பு நீர் பெருமளவு செலவாகிவிடும். நல்ல நீரைச் சாக்கடைக்குள் விட வேண்டியிராது. 8.30க்குப் பின் எஞ்சியதை அடிவாய் வழியாக வெளியேற்றுவர். பின்னர் காற்றோட்டம் செய்து, ஒருவர் உள்ளே இறங்க, மற்றவர் வாயிலில் நின்று அவரை விட்டு அகலாமல் பார்த்திருப்பார். மூடிய தாங்கிக்குள் காற்றுக் குறைந்து தொழிலாளர் உயிரிழந்த நிகழ்வுகள் எமது ஊர்களிலும் உண்டு. எனவே அந்த அறைக்குள் வேடிக்கை பார்க்கச் செல்லாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

இப்பகுதியின் நீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவாக நீங்கள் காண்பது தாங்கியின் சுவரிலும் படிந்திருக்கும். அந்தப் படிவின் கீழே கிருமிகள் ஒளிந்திருக்க, மேலே ஊற்றும் குளோரின் அவற்றைத் தொடாது. ஆகையால் முதலில் தூரிகையாலும் அமிலக் கரைசலாலும் படிவை அகற்றி, நன்றாக அலச வேண்டும். அதன் பின்னரே குளோரின் கரைசலைச் சுவர்களில் தெளித்து, அரை மணி நேரமேனும் விட்டு, மீண்டும் அலசுவர். அமிலத்தை முழுவதும் அலசாமல் குளோரினை இட்டால் நச்சு வாயு எழும். வீட்டுக் கழிப்பறையிலும் இதே ஆபத்து உண்டு. ஜவேல் திரவத்தையும், சுண்ணாம்பு நீக்கும் திரவத்தையோ வினாகிரியையோ ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள்.

12.30 அளவில் அலசல் முடியும். மணிக்கு ஏறத்தாழ நான்காயிரம் லீற்றர் வீதம் தாங்கி நிரம்ப இரண்டு மணி நேரம் தேவை. பின்னர் நீரின் நிறத்தையும் எஞ்சிய குளோரினையும் அளந்து, பம்பியை இயக்குவர். கணக்குப்படி 3 மணிக்கே நீர் மேலே ஏற வேண்டும். நான்கு என்று அறிவித்தது எதிர்பாராத தாமதத்துக்காக. கிருமிப் பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரியின் முடிவு அன்றே கிடைக்காது. ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கச் சில நாள்கள் ஆகும். முடிவு வந்ததும் வாசலில் ஒட்டப்படும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. புதன் இரவு மேல்மாடியினர் மூடியுள்ள பாத்திரத்தில் ஆளுக்கு மூன்று நான்கு லீற்றர் குடிநீரைப் பிடித்து வையுங்கள். ஊரிலிருந்து பித்தளைக் குடத்தைச் சுமந்து வந்து, இங்கு அலங்காரப் பொருளாக வைத்திருக்கும் அம்மாமார் அன்றைக்கு அதனைப் பழைய வேலைக்கே பாவிக்கலாம். கழிப்பறைக்கு ஒருமுறை ஊற்ற ஆறு லீற்றர் வேண்டும் என்பதால் வாளிகளையும் நிரப்புங்கள். குளியல் தொட்டியை நிரப்புவோர் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் குளியலறைக் கதவைப் பூட்டி வையுங்கள். ஒரு சாண் ஆழ நீரும் குழந்தைக்கு உயிராபத்து.

மின்சார நீர்ச்சூடாக்கி உள்ளவர்கள் காலையில் அதன் சுவிற்சை மின்பலகையில் அணைத்து விடுங்கள். சூடாக்கியின் பாதுகாப்பு வால்வு பழுதாக இருந்தால், குழாய் வெறுமையாகும்போது உள்ளிருக்கும் நீரும் கீழே இறங்கிவிடும். பின்னர் 12.30க்கு மின்சாரம் வந்து, 4 மணி வரை நீர் வராமல் இருந்தால், வெறும் தொட்டிக்குள் வெப்பக்கம்பி காய்ந்து எரிந்துபோகும். சுடுநீர்க் குழாயைத் திறந்து, அது இடைவிடாமல் பாயக் கண்ட பின்பே சுவிற்சைப் போடுங்கள்.

மிக முக்கியமான ஒன்றை இப்போது சொல்கிறேன். முன்னர் நான் குடியிருந்த ஒரு கட்டடத்தில் நீர் நின்ற நாள் காலையில், பத்தாம் மாடியில் ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். நீர் வரவில்லை. மூட மறந்து வேலைக்குப் போய்விட்டார். தொட்டியில் கிடந்த ஒரு தட்டு வடிகால் துளையை மூடியிருந்தது. 3 மணிக்கு நீர் வந்தது, 5 மணிக்கு அவர் வந்தார். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு லீற்றர். ஒன்பதாம், எட்டாம் மாடிகளின் கூரைகள் ஊறின. கீழ்வீட்டு மின்பலகைக்குள்ளும் நீர் இறங்கியது. நான் அன்று கீழ்வீட்டுக்காரன். எனவே வியாழக்கிழமை வெளியே செல்லுமுன் எல்லாக் குழாய்களும் மூடியிருப்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். இயலுமானால் வீட்டுக்கு வரும் பிரதான வால்வையே மூடிவிட்டுச் செல்லுங்கள். தப்பித்தவறி நீர்ச்சேதம் நேர்ந்தால், உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு ஐந்து வேலை நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மின்தடையைப் பற்றி. 8.15க்குப் பிறகு மின்தூக்கியில் ஏறாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். இன்சுலின் அதற்குள்ளேயே இருக்கட்டும். நிறைந்த உறைபெட்டி அதனிலும் நெடுநேரம் தாங்கும். அடுப்பு, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றை அணைத்து விடுங்கள், 12.30க்கு நீங்கள் வீட்டில் இல்லாதபோது அவை தாமாகச் சூடேறக் கூடாது.

பலர் மறப்பது தொலைபேசி. இணையப் பெட்டி அணைந்ததும் வீட்டுத் தொலைபேசியும் நின்றுவிடும். தனியாக வாழும் முதியோரின் அவசர அழைப்புப் பொத்தான் அப்பெட்டியுடன் இணைந்திருந்தால் அதுவும் வேலை செய்யாமற் போகலாம். சேவை வழங்குபவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியை இரவிலேயே மின்னேற்றி வையுங்கள், அவசரத்துக்கு 112.

வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் பாவிப்பவர்கள், அதை வழங்கும் நிறுவனத்திடம் மாற்றுச் சிலிண்டர் உள்ளதா என்பதை இன்றே உறுதிப்படுத்துங்கள். பகலின் பெரும்பகுதியும் சுவாச இயந்திரத்தில் தங்கியிருப்போர், வைத்தியர் மூலம் பிராந்திய சுகாதார முகவரகமான ஆ.எர்.எஸ்ஸில் பதிவு செய்துகொண்டால், மின்தடைகள் குறித்த தனியான தகவல் அவர்களுக்குக் கிடைக்கும். அப்பதிவு தகவலுக்கு மட்டுமே; மாற்று மின்சாரம் அதனால் வராது. அத்தகையோர் எவரேனும் இங்கிருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

நீர் திரும்பி வந்ததும் முதலில் குளியல் தொட்டியின் குளிர்நீர்க் குழாயை மெதுவாகத் திறவுங்கள். காற்றோடு துப்பிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம். குழாய் நுனியிலுள்ள சல்லடையைக் கழற்றி வைத்தால் சுண்ணாம்புத் துகள்கள் அடைக்காது. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். பால் போல் வெண்மையாக இருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்று மட்டுமே. பழுப்பாக இருந்தால் துரு. தெளியும்வரை ஓட விடுங்கள். குளோரின் மணம் மெல்லியதாக இருப்பது வழமை, திறந்த கூசாவில் சிறிது நேரம் வைத்தால் போய்விடும். கடுமையாக மணந்தால் குடிக்காமல் காவலாளரிடம் தெரிவியுங்கள். குழந்தையின் பாலுக்கும் மீன் தொட்டிக்கும் அன்று சேமித்த நீரையே பாவியுங்கள். சலவை இயந்திரத்தை மாலை வரை தள்ளிப்போடுங்கள்.

முதல் நீரைச் சவரில் விட்டு அதன் கீழே நிற்க வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 2003 இறுதியில் பா-து-கலே மாவட்டத்து ஆர்ன் ஊரைச் சுற்றி லெஜியோனெல்லா நோய் பரவி 86 பேர் பாதிக்கப்பட்டு 18 பேர் இறந்தனர். மூலம் ஒரு தொழிற்சாலையின் குளிரூட்டும் கோபுரம். அதை உயர் அழுத்த நீரால் கழுவிய காலத்தில் நோய் இரண்டாம் முறை பெருகியது. எமது தாங்கி குளிரூட்டும் கோபுரமன்று, ஆபத்து மிகக் குறைவு. எனினும் அக்கிருமி குடிப்பதால் அன்றி, நுண்துளிகளை மூச்சில் இழுப்பதாலேயே தொற்றுகின்றது. விடுமுறையில் சென்று வாரக்கணக்கில் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்புவோர் இதை மறக்க வேண்டாம்: சவர்த்தலையை வாளியின் அடியில் வைத்து, சுடுநீரைச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள்.

12.30க்குப் பிறகும் உங்கள் வீட்டில் மட்டும் மின்சாரம் இல்லையெனில், முதலில் உங்கள் பிரதான மின்பலகைச் சுவிற்சைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் எமது மாவட்டத்துக்கான எனெடிஸ் பழுது இலக்கம் 09 72 67 50 93. பிரெஞ்சு பேசத் தயங்குவோர் வியாழன் 12.30 முதல் 5 மணி வரை கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளின் அருகே என்னைக் காணலாம். அழைப்பை நான் எடுத்துத் தருகிறேன்.