மரண சாதனம் எரிந்தாலும் மகளின் உரிமை எரியவில்லை

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் சேவைக்காலப் பணத்தில் பத்துப் பேர்ச் காணி வாங்கினார். கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்கே அதை எழுதி, நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் மரண சாதனத்தில் கையொப்பமிட்டார். அவர் இறந்தபின், கருமாதி அன்று அதை எல்லோர் முன்னும் நாமே வாசித்தோம். அடுத்த மாதம் லயத்தில் தீப்பிடித்தது. பெட்டியோடு மூலப் பத்திரமும் போனது. உடனே மூத்த மகன், "அப்பா உயிரோடு இருக்கும்போதே அதைக் கிழித்துப் போட்டார்" என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? எழுதியவர் கையிலேயே கடைசியாக இருந்த மரண சாதனம் அவர் இறந்தபின் கிடைக்காவிட்டால், மனம் மாறி அவரே அழித்துவிட்டார் என்றுதான் நீதிமன்றம் முதலில் ஊகிக்கும். அப்படியல்ல என்று காட்டும் பாரம் பிள்ளையின் தலையில் விழும். ஆனால் இறந்தபின் தொலைந்ததற்கு இந்த ஊகம் பொருந்தாது. செத்தவர் எழுந்து வந்து கிழிக்க முடியாதே! ஆகவே இந்த வழக்கின் உயிர் ஒரே கேள்விதான்: இறந்தபின் அந்தப் பத்திரத்தைக் கண்ணால் கண்டவர் யார்? கருமாதிக்கு வந்திருந்த அயலவர் இருவர் சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். வாசித்த நாமும் கொடுத்தோம்.

அடுத்து, தொலைந்ததைக் காட்ட வேண்டும். தீ பற்றிய பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அதற்கு உதவின.

மூன்றாவது, என்ன எழுதியிருந்தது என்பது. மகளிடம் ஒரு போட்டோப் பிரதி இருந்தது. மூலத்திலிருந்து எடுத்ததுதான் என்று யாராவது சொல்லாவிட்டால் அதற்குப் பலமில்லை. அதைவிட உறுதியானது நொத்தாரிசு தன்னிடம் வைத்திருக்கும் பிரதி. அதிலும் பெரியவரின் கையொப்பம் இருந்தது. நொத்தாரிசு இறந்திருந்தால் அவருடைய பத்திரங்களைக் காணிப் பதிவகத்தில் தேட வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன் எழுதியதற்கு இப்படியொரு பிரதி இருக்காது. அங்கே சாட்சிகளும் நம்மிடமுள்ள பிரதியுமே துணை.

பிரதி இருந்தால் மட்டும் போதாது. பெரியவர் தெளிந்த புத்தியோடு கையொப்பமிட்டதைப் பார்த்த சாட்சி ஒருவரையாவது அழைக்க வேண்டும். ஒரு சாட்சி காலமாகிவிட்டார். மற்றவரை ஊரைவிட்டுப் போன இடத்தில் தேடிப் பிடித்தோம்.

இவற்றோடு மரணச் சான்றிதழையும் இணைத்து, சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் புரோபேட் கேட்டு மனுப்போட்டார் மகள். மனுவில் அண்ணனின் பெயரையும் மறைக்கவில்லை. உரிமையுள்ளவரை மறைத்துப் பெறும் உத்தரவு பின்னால் கவிழும். அண்ணன் வந்து எதிர்த்தார். "கருமாதி அன்று வாசித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டபோது, "அங்கேதான் இருந்தேன்" என்றார். அதற்குமேல் கிழித்த கதை நிற்கவில்லை. பிரதியை நீதிமன்றம் ஏற்றது.

தோழர்களே, இறந்தவரின் பெட்டியைத் திறக்கும்போது அயலவர் இருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மரண சாதனம் இருந்தால் அங்கேயே வாசியுங்கள், நொத்தாரிசின் பெயரையும் பத்திர இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலத்தை லயத்தில் வைத்திருக்காமல் தாமதமின்றி மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படையுங்கள்.