கருகாமல் அப்பளம் சுடுவது எப்படி?

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி இப்படிக் கேட்டார். "கிளினிக்கில எண்ணெயக் குறைக்கச் சொல்றாங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு அப்பளம் இல்லாம சோத்துல கை வைக்க மாட்டாரு. சரின்னு சுட்டுக் குடுத்தா ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. பிள்ளைங்க தூக்கி வீசுதுங்க. என்னதான் செய்யிறது?"

அன்றைக்கு நாங்கள், "கவனமாகச் சுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். வீட்டுக்குப் போன பிறகுதான் அது ஒரு பதிலே இல்லை என்று தோன்றியது. ஆகவே இந்த மாதத்துக்குள் நாங்களே இரண்டு பக்கெட் அப்பளம் வாங்கி, விறகு அடுப்பிலும் கேஸ் அடுப்பிலும் ரொட்டிக்கல்லிலும் சுட்டுப் பார்த்தோம். முதல் பக்கெட்டில் பாதி கரியாகத்தான் போனது. அந்தக் கரியிலிருந்து படித்ததைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறோம்.

முதலில், ஏன் கருகுகிறது என்று பார்ப்போம். உழுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்துக் காய வைத்ததுதான் அப்பளம். எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும். சூடு பட்டவுடன் அந்த ஈரம் ஆவியாகி மாவை மேலே தள்ளும். அதுதான் நாங்கள் பார்க்கிற கொப்புளம். கொப்புளம் வந்துவிட்டால் அந்த இடத்தில் ஈரம் முடிந்தது. அதற்குப் பிறகும் அதே இடத்தில் சூடு பட்டால் பொரிவதற்கு ஒன்றும் இல்லை, கருகத்தான் செய்யும். அப்பளக்காரம் இருப்பதால் சிவப்பதும் சீக்கிரம் நடக்கும்.

எண்ணெயில் போடும்போது இந்தத் தொல்லை குறைவு. கொதிக்கிற எண்ணெய் அப்பளத்தின் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. நெருப்பில் அப்படி இல்லை. நெருப்பு தொடுகிற இடம் முந்திக்கொள்ளும், தொடாத இடம் பிந்தும். ஆகவே சுடுகிற வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது: பொரிந்த இடத்தை விட்டு, பொரியாத இடத்துக்குச் சூட்டைக் கொண்டு போக வேண்டும்.

எது பொரிந்தது, எது பொரியவில்லை என்று எப்படித் தெரியும்? பச்சை இடம் மஞ்சளாக, எண்ணெய்க் கடதாசி போல மினுங்கும். பொரிந்த இடம் வெளுத்து, மினுக்கம் போய்விடும். அடுப்பில் கண்ணை வைத்து இந்த மினுக்கத்தைத்தான் தேட வேண்டும்.

சுடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. கடையில் வாங்குகிற அப்பளம் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். அந்த மாவு மெல்லிய தூள் என்பதால் அப்பளத்துக்கு முந்தி அதுதான் கருகும். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி வருவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு அப்பளத்தையும் இரண்டு தட்டுத் தட்டி, காய்ந்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள்.

மற்றது ஈரம். எங்கள் பக்கத்தில் மழையும் பனிமூட்டமும் வந்தால் உப்புப் போத்தலே கசிகிறது. அப்பளத்திலும் உப்பு இருக்கிறது, அதுவும் ஈரத்தை இழுக்கும். நாங்கள் வாங்கிய இரண்டாவது பக்கெட்டை உடைத்து, சுவரோரம் மூன்று நாள் வைத்துவிட்டோம். அப்பளம் துணி மாதிரி வளைந்தது. சுட்டபோது கொப்புளம் வரவில்லை, தோல் மாதிரி இழுபட்டது. பொரியட்டும் என்று கூட நேரம் பிடித்தோம், ஓரம் கருகியது. பிறகு மீதி அப்பளத்தை, சமைத்து இறக்கிய பின் சூடு ஆறிவருகிற ரொட்டிக்கல்லில், கை பொறுக்கிற சூட்டில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிஷம் வைத்து எடுத்தோம். வளைத்தால் விறைப்பாக நின்றது. அதற்குப் பிறகு சுட்டது நன்றாகப் பொரிந்தது. வெயில் இருந்தால் அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தால் போதும். உடைத்த பக்கெட்டை மூடி இறுக்கமான டின்னில் போட்டு வையுங்கள்.

இனி நெருப்பில் சுடுவது. கேஸ் அடுப்பு இருக்கிறவர்கள் நெருப்பை நடுத்தரமாக வையுங்கள். இடுக்கியால் அப்பளத்தின் ஓரத்தைப் பிடித்து, நெருப்பு நுனிக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் காட்டுங்கள். ஒரு இடத்தில் இரண்டு செக்கனுக்கு மேல் நிறுத்தக் கூடாது. முதலில் ஓரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, பிறகு நடுவைக் காட்டி, உடனே மறுபக்கம் திருப்புங்கள். இடுக்கி பிடித்த இடம் பச்சையாகவே நிற்கும். கடைசியில் பொரிந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் காட்ட வேண்டும். உள்ளங்கை அளவு அப்பளத்துக்கு மொத்தம் 20 முதல் 25 செக்கன் போதும். நாங்கள் முதல் அப்பளத்தை ஐந்து செக்கன் ஒரே இடத்தில் பிடித்தோம். நடுவில் ஓட்டை விழுந்து ஓரம் தீப்பிடித்தது. அப்படிப் பிடித்தால் கையை வீசாதீர்கள். அப்படியே கீழே இறக்கி ஊதி அணையுங்கள்.

விறகு அடுப்பில் எரிகிற நெருப்பில் காட்டவே வேண்டாம். அந்த நெருப்பில் புகையும் கரியும் சேர்ந்து வரும். அப்பளம் கருகாவிட்டாலும் கறுப்பாகி, புகை மணம் பிடிக்கும். மண்ணெண்ணெய் அடுப்பும் அப்படித்தான். தணலில்தான் சுட வேண்டும். கவ்வாத்து மிலாறு சட்டென்று எரிந்து சாம்பலாகிவிடும், அதன் தணல் நிற்காது. கட்டை விறகின் தணல் அல்லது சிரட்டைத் தணல் நல்லது. நெருப்பு அடங்கி, புகை நின்று, மேலே மெல்லிசாகச் சாம்பல் படியட்டும். நான்கு விரல் உயரத்தில் பிடித்து, கேஸில் செய்வது போலவே நகர்த்துங்கள். தணலின் சூடு மெதுவானது, 30 முதல் 40 செக்கன் எடுக்கும். கருகுகிற பயமும் அதனால் குறைவு. சோறு வடித்த பிறகு மிஞ்சுகிற தணலிலேயே ஐந்து பேருக்கான அப்பளத்தைச் சுட்டுவிடலாம்.

அடுத்தது ரொட்டிக்கல். முதல் தரம் பழகுகிறவர்களுக்கு இதுதான் லேசு. கல்லை எண்ணெய் தடவாமல் காய வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே சோம்பிக் கிடந்தால் சூடு காணாது. 'சுர்' என்று சில செக்கனில் வற்றினால் அதுதான் சரியான சூடு. சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடினால் கல் மிகக் கூடக் காய்ந்துவிட்டது. விறகை வெளியே இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

அப்பளத்தைக் கல்லில் போட்டதும் ஓரம் சுருண்டு மேலே எழும்பும். எழும்பிய இடம் வேகாது, கல்லைத் தொடுகிற இடம் மட்டும் கருகும். ஆகவே ஒரு பழைய பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி, அதனால் மெதுவாக அழுத்தி அழுத்தி அப்பளத்தைச் சுற்றிவிடுங்கள். நைலோன் துணி உருகி ஒட்டும், அது வேண்டாம். துணியின் நுனி அடுப்புப் பக்கம் தொங்காமல் இறுக்கிச் சுருட்ட வேண்டும். 10 செக்கனுக்கு ஒரு தரம் திருப்பிப் போடுங்கள். மொத்தம் ஒரு நிமிஷம் அல்லது ஒன்றரை நிமிஷம். எண்ணெயில் போட்டது போலப் பெரிய கொப்புளம் வராது, தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் சீராக இருக்கும்.

இதில் நாங்கள் கண்ட ஒரு விஷயம். முதல் இரண்டு அப்பளமும் நன்றாக வந்தன, மூன்றாவது கருகியது. எங்கள் கை பிழை இல்லை. கல் போகப் போகக் காய்ந்துகொண்டே போகிறது, நாங்களோ அதே நேரம் வைத்தோம். இரண்டு அப்பளத்துக்கு ஒரு தரம் நெருப்பைக் குறைத்து, கல்லில் உதிர்ந்த மாவையும் துடைத்துவிட்டால் அந்தக் கரைச்சல் இல்லை.

மைக்ரோவேவ் அடுப்பு எங்கள் லயத்தில் இல்லையே என்று நினைப்பீர்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறார்கள். ஒரு அக்கா சொன்னார், அவருடைய மகள் வேலைக்குப் போன முதல் கிழமையிலேயே அப்பளத்தை வைத்து 2 நிமிஷம் அமர்த்திவிட்டாளாம். வெளியே வெள்ளையாகத் தெரிந்த அப்பளம் நடுவில் கரியாகி, வீடு முழுக்கப் புகை. ஏச்சும் கிடைத்தது.

அந்த அடுப்பில் நெருப்பு இல்லை. அப்பளத்துக்குள் இருக்கிற ஈரத்தையே அது சூடாக்குகிறது. அந்த ஈரம் கொஞ்சம்தான் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். 800 வொட் அடுப்பில் ஒரு அப்பளத்துக்கு முதலில் 30 செக்கன் வையுங்கள். எடுத்துப் பார்த்து, திருப்பிப் போட்டு, மினுக்கம் மீதி இருந்தால் 10 செக்கன், தேவையென்றால் இன்னொரு 10 செக்கன். கண்ணாடித் தட்டின் நடுவில் வைக்காமல் ஓரப் பக்கமாக வைத்தால், தட்டுச் சுற்றும்போது அப்பளமும் இடம் மாறும். எடுத்தவுடன் மெதுவாகத்தான் இருக்கும். பொரியவில்லை என்று மறுபடி வைக்காதீர்கள். அரை நிமிஷம் ஆறவிட்டால் மொறுமொறுப்பாகிவிடும். புகை வந்தால் கதவைத் திறக்காமல் சுவிட்சை நிறுத்த வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை. சுட்டால் எண்ணெய் போகும், உப்புப் போகாது. அப்பளத்தில் உப்பு கூடவே இருக்கிறது. வீட்டில் பிரஷர் இருக்கிறவருக்குச் சுட்ட அப்பளம்தானே என்று மூன்று நான்கு வைத்துவிடக் கூடாது. ஒன்றோடு நிறுத்துங்கள், அதுவும் தினமும் வேண்டாம். அன்றைக்குக் கருவாடோ ஊறுகாயோ இருந்தால் அப்பளத்தை விட்டுவிடுங்கள். கருகிய இடம் இருந்தால் உடைத்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைமடுவத்து அடுப்பில் தணல் தயாராக இருக்கிறது. அந்த அம்மாவே வந்து முதல் அப்பளத்தைச் சுடட்டும். இடுக்கியை நாங்கள் கொண்டு வந்திருக்கிறோம்.